காம்பவுண்டு சுவருக்கு கொட்டேஷன் போடும்போது: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சிறிய கட்டட காண்ட்ராக்டர்களுக்கு அடிக்கடி வரும் வேலை காம்பவுண்டு சுவர். எளிய வேலைதானே என்று மனக்கணக்கில் விலை சொல்லிக் கைநஷ்டம் அடைவதும் இதில்தான் அதிகம். அதனால் இங்கே ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொண்டு, அளவிலிருந்து லாபம் வரை கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு பக்கம் தெரு உள்ள ஒரு மூலை மனை. முன்பக்கம் 72 அடி, அதில் 12 அடி கேட்டுக்குப் போகிறது. பக்கவாட்டில் 60 அடி. தரைமட்ட பெல்ட்டுக்கு மேல் 5 அடி உயரத்துக்கு 9 அங்குலச் செங்கல் சுவர், இரு புறமும் பூச்சு. கீழே கருங்கல் அஸ்திவாரம். வீட்டுக்காரர் மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறார். நீங்கள் அதில் ஒருவர். கீழே வரும் விலைகளும் கூலியும் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் இன்று என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

செய்ய வேண்டியவை

இடத்தை நேரில் பாருங்கள். டியூப் லெவலோடு போங்கள்.

வரைபடத்தில் தரை சமமாகத்தான் இருக்கும். மனையில் அப்படி இருப்பது அபூர்வம். நம் மனையில் பக்கவாட்டு 60 அடியில், தெருவிலிருந்து பின்மூலைக்குப் போகப்போகத் தரை ஒன்றரை அடி தாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரின் மேல்மட்டம் ஒரே நேராக இருக்க வேண்டும் என்பார் வீட்டுக்காரர். அப்படியானால் அந்தப் பக்கம் சராசரியாக முக்கால் அடி உயரம் கூடுகிறது. 60 அடி நீளம், முக்கால் அடி உயரம், முக்கால் அடி கனம் என்றால் ஏறக்குறைய 34 கன அடி கட்டு வேலை. நாம் பின்னால் பார்க்கப்போகும் அடக்க விலையில் அது 7,600 ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்த உயரத்துக்கான பூச்சு தனி. இரண்டு பேர் டியூபைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது.

அதே நடையில் இன்னும் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். மண் கரிசலா, செம்மண்ணா? கரிசல் என்றால் வானம் ஆழமாகப் போகும். லோடு லாரி மனை வரை வருமா, தெருமுனையில் கொட்டி ஆள் வைத்துச் சுமக்க வேண்டுமா? தோண்டிய மண்ணை மனைக்குள்ளேயே பரப்பலாமா, வெளியே அள்ளிப் போட வேண்டுமா? மூன்றுமே பணம், வரைபடத்தில் மூன்றும் இருக்காது.

ஒவ்வொரு வேலைக்கும் அளவைத் தனித்தனியாக எழுதுங்கள்.

வானம் தோண்டுதல், பிசிசி, கருங்கல் கட்டு, பெல்ட் கான்கிரீட், செங்கல் கட்டு, பூச்சு, பெயின்ட், கேட் என்று வரிசையாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதி, அதன் பிறகு பெருக்குங்கள். விடையை மட்டும் எழுதி வைத்தால், ஒரு வாரம் கழித்து அது எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

சரிவால் கூடும் 34 கன அடியைத் தனியாக வைத்துவிட்டு, செங்கல் கட்டை மட்டும் முழுதாகப் பார்ப்போம். மொத்த நீளம் 132 அடி. கேட்டுக்கு 12 அடியைக் கழித்தால் 120 அடி. இதை 5 அடி உயரத்தால் பெருக்கினால் 600 சதுர அடி சுவர். கனம் முக்கால் அடி என்பதால் 450 கன அடி. மூலையில் ஒரே இடத்தை இரண்டு சுவருக்கும் சேர்த்து அளந்துவிடாமல் இருக்க, நடுக்கோட்டில் அளப்பது நல்லது. சுவரில் அந்த வித்தியாசம் சிறியதுதான். இரண்டடி அகல அஸ்திவாரத்தில் பல மூலைகள் வந்தால் கணிசமாகிவிடும். கேட்டுக்குக் கழித்தது சுவரில் மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். அஸ்திவாரமும் பெல்ட்டும் கேட்டுக்குக் கீழேயும் ஓடினால் அவற்றுக்கு முழு 132 அடியும் வரும்.

பொருளை, அது மனையில் வந்து இறங்கிய விலையில் எழுதுங்கள்.

சூளையில் சொல்லும் விலை வேறு, மனையில் இறங்கிய பிறகு விழும் விலை வேறு. லாரி வாடகை, இறக்குகூலி, உடைசல் மூன்றையும் சேர்த்ததே உங்கள் விலை. விலை விசாரித்த தேதியையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய பில்லைப் பார்த்து இன்று கணக்குப் போடுபவர் தவறான எண்ணிலிருந்து தொடங்குகிறார்.

செங்கலில் அளவுதான் விலையைத் தீர்மானிக்கிறது. 9 அங்குல நீளம், நாலேகால் அங்குல அகலம், 3 அங்குல உயரம் உள்ள சேம்பர் கல் என்றால், கலவை இடைவெளியோடு 9 அங்குலச் சுவரில் ஒரு சதுர அடிக்குச் சுமார் 9 கல் போகும். 600 சதுர அடிக்கு 5,400 கல். உடைசலுக்கு 5 சதவீதம் கூட்டினால் 5,670. கல் 10 ரூபாய் என்றால் 56,700 ரூபாய்.

இன்னொரு சூளைக்காரர் கல்லை ஒன்பதரை ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். ஆனால் அந்தக் கல் எட்டரை அங்குல நீளம், 4 அங்குல அகலம், இரண்டேமுக்கால் அங்குல உயரம். இதில் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய பத்தரைக் கல் போகும். 600 சதுர அடிக்கு உடைசலோடு 6,600 கல்லைத் தாண்டுகிறது. தொகை 62,000 ரூபாய்க்கு மேல். கல்லுக்கு அரை ரூபாய் மிச்சம் என்று நினைத்த இடத்தில் ஐயாயிரத்துக்கு மேல் கூடுதல் செலவு. கலவையும் கூடும், கொத்தனார் வைக்க வேண்டிய கல்லும் கூடும், சுவரும் எட்டரை அங்குலம்தான் நிற்கும். எனவே சூளையில் பத்துக் கல்லை நீளவாக்கில் அடுக்கி டேப் போட்டுப் பாருங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் அப்படியே செய்யுங்கள். பத்துக் கல்லின் சராசரி பொய் சொல்லாது.

கலவைக்கு வருவோம். 450 கன அடி கட்டில், கல் போக மீதியும் சிந்தலும் சேர்த்து ஏறக்குறைய கால் பங்கு, அதாவது 110 கன அடி ஈரக் கலவை போகும். உலர்ந்த பொருளாக எடுக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். ஏறக்குறைய 146 கன அடி. ஒன்றுக்கு ஆறு கலவையில் இதில் ஏழில் ஒரு பங்கு சிமெண்ட். 50 கிலோ மூட்டை ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு என்பதால் 17 மூட்டை வரும். மணல் 125 கன அடி. சேதாரத்தோடு 130, அதாவது ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. மூட்டை 380 ரூபாய் என்றால் 6,460. எம்-சாண்ட் யூனிட் 5,500 என்றால் 7,150.

எம்-சாண்ட் லோடை லாரிக்காரர் சொல்லும் யூனிட்டில் எடுக்காமல், பெட்டியின் உள்நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்து வாங்குங்கள். ஈரமான மணல் உப்பி நிற்கும். கால் பங்கு வரைகூட உப்பல் இருக்கலாம். மழைக்காலத்தில் விலை கொடுக்கும்போது இதற்கென்று கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கூலியை, ஆள் முடிக்கும் வேலையோடு சேர்த்துப் பாருங்கள்.

என் கணிப்பில் கொட்டேஷன்கள் அதிகம் சறுக்குவது இந்த வரியில்தான். பொருளின் விலையைக் கடையில் கேட்டுவிடலாம். ஒரு கொத்தனார் ஒரு நாளில் எவ்வளவு கட்டுவார் என்பதை எந்தக் கடையிலும் கேட்க முடியாது. உங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

கொத்தனாருக்கு 1,100, ஹெல்பருக்கு 850, சித்தாளுக்கு 650 என்றால் ஒரு செட்டுக்கு ஒரு நாள் கூலி 2,600 ரூபாய். நேரான நீளச் சுவரில் ஒரு கொத்தனார் நாளொன்றுக்கு 40 கன அடி கட்டுகிறார் என்று வைத்தால், 450 கன அடிக்குப் பதினொன்றேகால் நாள். அந்தக் கால் நாளுக்கும் ஆள் முழு நாள் சம்பளம் கேட்பார் என்பதால் 12 நாளாக எழுதுங்கள்: 31,200 ரூபாய்.

இப்போது அதே கொத்தனார் 32 கன அடிதான் கட்டுகிறார் என்று மாற்றிப் பாருங்கள். நாள் ஏறக்குறைய 14 ஆகிறது, கூலி 36,400 ரூபாய். தினக்கூலி ஒரு ரூபாய்கூட ஏறாமல் 5,200 ரூபாய் போய்விட்டது. 32க்குக் குறைவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை: தண்ணீர் எட்டத்தில் இருக்கிறது, கல்லை ஒரே இடத்தில் இறக்கிவிட்டதால் சித்தாள் அறுபது அடி நடந்து சுமக்கிறார், மேல் வரிகளுக்கு ஏறி நின்று கட்ட வேண்டியிருக்கிறது, கேட் தூணில் மூலைகள் அதிகம். இடத்தைப் பார்க்கப் போகும்போதே இவற்றைக் கண்டு, இந்த மனைக்கு நாற்பதா முப்பத்திரண்டா என்று முடிவெடுங்கள்.

இந்த நான்கையும் கூட்டினால் செங்கல் கட்டின் அடக்கம் 1,01,510 ரூபாய். 450 கன அடிக்கு வகுத்தால் கன அடிக்கு 226 ரூபாய். மற்ற வேலைகளுக்கும் இதே வழி.

வேலைக்கான பொதுச் செலவையும் உங்கள் சம்பளத்தையும் ரூபாயில் எழுதுங்கள்.

எல்லா வேலைகளையும் இப்படிக் கணக்கிட்டு, பொருளும் கூலியும் சேர்த்து 3,60,000 ரூபாய் வந்தது என்று கொள்வோம். எந்த வரியிலும் சேராத செலவுகள் இன்னும் இருக்கின்றன. கலவைக்கும் கியூரிங்குக்கும் தண்ணீர் டேங்கர், ஞாயிற்றுக்கிழமையும் வந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றும் ஆள், இவற்றுக்கு 8,000. சாரப் பலகை, கலவை மெஷின் வாடகை 7,000. தினமும் நின்று பார்க்கும் உங்களுக்கான சம்பளம், பெட்ரோல், போன் 15,000. மொத்தம் 30,000.

உங்கள் சம்பளம் லாபத்தில் சேராது. நீங்கள் நிற்காவிட்டால் வேறொருவரைச் சம்பளம் கொடுத்து நிறுத்த வேண்டும் அல்லவா? அது செலவு. இதற்கு மேல், வானத்தில் பாறை தட்டுவது, இரண்டு நாள் மழை போன்ற எதிர்பாராதவற்றுக்கு 10,000 தனி வரியாக. ஆக மொத்தச் செலவு 4,00,000.

லாபத்தை விற்பனை விலையின் மீது கணக்கிடுங்கள்.

பத்து சதவீத லாபம் வேண்டும் என்று 4,00,000க்கு மேல் 40,000 வைத்து 4,40,000 என்று பலர் எழுதுகிறார்கள். கைக்கு வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அப்போது லாபம் 9 ரூபாய் சில்லறைதான். பில் தொகையில் பத்து சதவீதம் நிற்க வேண்டுமென்றால் 4,00,000ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்: 4,44,444. அதை 4,44,000 என்று எடுத்துக்கொள்வோம். இருபது சதவீதம் என்று போகும்போது இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும்: கூட்டினால் 4,80,000, வகுத்தால் 5,00,000.

பிறகு 4,44,000ஐ 3,60,000ஆல் வகுத்தால் 1.23 சொச்சம் வருகிறது. ஒவ்வொரு வேலையின் அடக்க விலையையும் அதனால் பெருக்கினால் வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய விலை கிடைக்கும். செங்கல் கட்டுக்கு 226 ரூபாய் 279 ஆகிறது. பின்னால் அவர் சுவரை இன்னும் ஓர் அடி உயர்த்தச் சொன்னால் பேச்சு இந்த 279இலிருந்து தொடங்கும்.

செய்யக்கூடாதவை

போனில் ரன்னிங் அடி விலை சொல்லாதீர்கள். நம் கணக்கில் 4,44,000ஐ 132 அடியால் வகுத்தால் அடிக்கு 3,360 ரூபாய் சொச்சம். பழைய வேலைகளோடு ஒத்துப் பார்க்க இந்த எண் உதவும். விலை சொல்ல உதவாது. ஏனென்றால் கேட், அஸ்திவார ஆழம், தரைச் சரிவு எல்லாம் இதற்குள் ஒளிந்திருக்கின்றன. ஒருமுறை வாயிலிருந்து வந்த எண்ணை வீட்டுக்காரர் மறக்க மாட்டார்.

ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டி வைக்காதீர்கள். கல்லில் 200, சிமெண்டில் இரண்டு மூட்டை, கூலியில் ஒரு நாள் என்று பாதுகாப்புக்காகக் கூட்டிக்கொண்டே போனால், கடைசியில் எது உண்மையான செலவு என்று உங்களுக்கே தெரியாது. விலை கூடிவிட்டது என்று பயந்து லாபத்தைக் குறைப்பீர்கள். எதிர்பாராததற்கு ஒரே வரி போதும். எல்லோர் கண்ணுக்கும் அல்ல, உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பூச்சை இரு பக்கமும் ஒரே கனத்தில் எழுதாதீர்கள். 9 அங்குலச் சுவரில் கொத்தனார் நூல் பிடிக்கும் பக்கம்தான் நேராக வரும். மறுபக்கம் கல்லின் நீள வித்தியாசத்துக்கு ஏற்ப மேடு பள்ளமாக இருக்கும். நேர்ப்பக்கம் 12 மில்லிமீட்டரில் முடிந்தால், மறுபக்கம் 18ஐத் தொடும். சுவரின் மேல்தலையையும் மறந்துவிடாதீர்கள்: 120 அடிக்கு முக்கால் அடி, 90 சதுர அடி.

தள்ளுபடியை லாபத்திலிருந்து கொடுக்காதீர்கள்.

வீட்டுக்காரர் கேட்பார்: "அஞ்சு சதவீதம் குறைச்சுக்கங்க, வேலையை உங்களுக்கே தந்துடறேன்." 4,44,000இல் 5 சதவீதம் 22,200 ரூபாய். உங்கள் லாபமே 44,000. சரி என்று தலையாட்டிய அந்த நொடியில் லாபத்தில் பாதி போய்விட்டது. செங்கல்லும் சிமெண்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அவர் கண்ணுக்கு அது சிறிய சதவீதம். உங்களுக்கு அது இரண்டில் ஒன்று.

குறைக்கத்தான் வேண்டுமென்றால் வேலையைக் குறையுங்கள். உட்புறச் சுவருக்குப் பூச்சு வேண்டாம், பாயிண்டிங் போதும் என்றால் எவ்வளவு குறையும் என்று உங்கள் தாளைப் பார்த்து உடனே சொல்லலாம். பூச்சின் அடக்கம் சதுர அடிக்கு 55, பாயிண்டிங் 25 என்றால் 600 சதுர அடிக்கு 18,000 ரூபாய் செலவு உண்மையாகவே குறைகிறது. விற்பனை விலையில் அது 22,000க்கு மேல். அவர் கேட்டதும் கிடைத்தது, உங்கள் சதவீதமும் நின்றது. "அண்ணே, விலையைக் குறைக்கலாம், எதைக் குறைக்கிறோம்னு சேர்ந்து பார்த்துடலாம்" என்று சொல்பவரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பேரத்தில் கலவையை ஒன்றுக்கு எட்டாக்கி அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம் என்று மனதுக்குள் நினைத்து விலையைக் குறைப்பவர்களும் உண்டு. அது வீட்டுக்காரரை ஏமாற்றுவது. வேண்டாம்.

ஜிஎஸ்டி பற்றி எழுதாமல் தாளைக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டும் காண்ட்ராக்டர் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டும். பொதுவாக இத்தகைய கட்டுமான ஒப்பந்தத்துக்கு வரி 18 சதவீதம். நீங்கள் பதிவு செய்தவராக இருந்து, "வரி தனி" என்று எழுதாமல் 4,44,000 என்று மட்டும் கொடுத்தால், வரியும் அதற்குள்தான் என்று வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். அப்போது உங்கள் கைக்கு நிற்பது 3,76,000 சொச்சம். சிமெண்டுக்கும் கம்பிக்கும் நீங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்தான். தினக்கூலிக்குக் கொடுத்த பணத்தில் கழிக்க ஒன்றுமில்லை. பதிவு செய்தவர் கணக்குப் போடும்போது பொருளின் விலையையும் வரி நீக்கியே எழுத வேண்டும். ஒரு வரியில் வரியோடும் மறு வரியில் வரியில்லாமலும் கலந்தால் தாளே குழம்பிவிடும்.

சேராதவற்றை வாய்ப்பேச்சாக விடாதீர்கள். பாறை உடைத்தல், பழைய வேலியை அகற்றுதல், மரம் வெட்டுதல், மண்ணை வெளியே அள்ளுதல், மின்சாரமும் தண்ணீரும் யார் பொறுப்பு, இவை ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். எந்தக் கல், எந்தக் கலவை, எத்தனை கோட் பெயின்ட் என்பதும் இருக்கட்டும். அப்போதுதான் மற்ற இருவரின் விலையோடு உங்கள் விலையை நியாயமாக ஒப்பிட முடியும். "இந்த விலை 15 நாள் வரை" என்ற வரியும் தேவை. மூன்று மாதம் கழித்து அதே தாளை எடுத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

பணம் வரும் வரிசையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லாபமான வேலையும் பாதியில் நிற்கும், கையில் காசு இல்லாவிட்டால். நம் சுவரில் செங்கல் லோடு, அது கட்டப்படும் முன்பே முழுப் பணம் கேட்கும். ஆட்களுக்குச் சனிக்கிழமை தோறும் கூலி. "முடிந்ததும் மொத்தமாக" என்று ஒப்புக்கொண்டால், நான்கு லட்சத்தையும் நீங்கள் கடன் வாங்கிப் போடுகிறீர்கள். அதன் வட்டி உங்கள் தாளில் எங்கும் இல்லை. வேலை தொடங்க 25 சதவீதம், பெல்ட் போட்டதும் 30, கட்டு முடிந்ததும் 25, பூச்சு முடிந்ததும் 15, பெயின்ட்டும் கேட்டும் முடிந்ததும் மீதி 5 என்று கேளுங்கள். கடைசித் தவணை லாபத்தைவிடச் சிறியதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், அது தாமதமானாலும் கடை பாக்கி நிற்காது.

வேலை முடிந்ததும் கணக்குத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் எழுதிய 5,670 கல்லுக்குப் பக்கத்தில் உண்மையில் இறங்கிய கல்லை எழுதுங்கள். 17 மூட்டைக்குப் பக்கத்தில் போன மூட்டை, 12 நாளுக்குப் பக்கத்தில் வந்த நாள். நாற்பது கன அடி என்று நீங்கள் வைத்தது முப்பத்தைந்தாக முடிந்திருந்தால், அடுத்த சுவருக்கு எழுத வேண்டிய எண் முப்பத்தைந்து.